ஊசிக்கு முன்னால் நான்கு குப்பிகள்

“ஆளு செத்துக்கிட்டு இருக்கான், இவங்க என்னடான்னா ரத்தம் எடுத்துக்கிட்டே இருக்காங்க.”

இந்த வாக்கியத்தை நம் ஆட்களிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டில், புலனக் குழுவின் குரல்பதிவில், சாவு வீட்டின் கூடாரத்துக்கு அடியில். சொல்கிறவர் மாறுவார், கதை மாறாது. அதற்கு ஓர் இரண்டாம் பாகமும் உண்டு: “மொதல்ல நல்ல பவர் மருந்தாத்தான் போட்டாங்க. மூணாவது நாளு சாதா மருந்துக்கு மாத்திட்டாங்க. அரசாங்க ஆஸ்பத்திரி, அதுலயும் நம்மாளு. அவ்வளவுதான்.”

நம்மவர்களுக்கு அரசாங்க அலுவலகங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் சந்தேகம் இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு புகாரும் தவறான ஆளை அடிக்கின்றன. மருந்துக்கு முன்னால் ரத்தம் எடுப்பதும், இரண்டு நாள் கழித்து மருந்தை மறுபரிசீலனை செய்வதும் நாம் சண்டை போட்டாவது கேட்டு வாங்க வேண்டியவை. அவை நடக்கும்போது நாம் கத்துகிறோம். நடக்காதபோது நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

நான் மருத்துவன் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படித்துவிட்டு, மருத்துவமனை ஆய்வகங்களில் இருக்கும் ரத்தக் கல்ச்சர் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எனக்கு நோயாளிகளின் முகம் தெரியாது. அவர்களுடைய குப்பிகள் தெரியும். ஒவ்வொரு குப்பியிலும் கிருமி வளர்வதற்கான சத்துநீர் இருக்கும். நோயாளியின் ரத்தத்தை அதில் செலுத்திக் கருவிக்குள் வைத்தால், ஏறக்குறைய 35 பாகை வெப்பத்தில் அது ஐந்து நாள் கிடக்கும். ரத்தத்தில் கிருமி இருந்தால் பெருகும், பெருகும்போது கரியமில வாயுவை வெளிவிடும். குப்பியின் அடியில் இருக்கும் உணரி அந்த வாயுவைக் கண்டுகொள்ளும். கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு குப்பியின் அடியையும் பார்த்துக்கொண்டே இருந்து, மாற்றம் தெரிந்தால் ஒலியெழுப்பும். அவ்வளவுதான் அதன் புத்திசாலித்தனம். குப்பிக்குள் கிருமியே வரவில்லை என்றால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

செப்சிஸ் என்பதை நாம் ‘ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது’ என்கிறோம். அது சரியான விளக்கம் இல்லை. ஏதோ ஓர் இடத்தில் கிருமித்தொற்று ஏற்படுகிறது. அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு நிலைதவறிப் போய்த் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்கிறது. ரத்த அழுத்தம் சரியும், சிறுநீர் குறையும், ஆள் உளற ஆரம்பிப்பார். ரத்த அழுத்தம் அப்படிச் சரிந்து, உப்புநீர் ஏற்றியும் எழாமல் போனால் அது செப்டிக் ஷாக்.

‘முதல் ஒரு மணி நேரம்’ என்ற மந்திரம் இந்த இடத்திலிருந்துதான் வந்தது. 2006இல் ஆனந்த் குமாரும் சக ஆய்வாளர்களும் கனடா, அமெரிக்க மருத்துவமனைகளின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். செப்டிக் ஷாக்கில் ரத்த அழுத்தம் விழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் சரியான மருந்து போய்ச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் பிழைத்திருந்தார்கள். அதற்கப்புறம் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைப்பவர்களின் விகிதம் சராசரியாக 7.6 விழுக்காடு குறைந்திருந்தது. இந்த எண் உலகம் முழுக்கச் சுற்றியது. சுவரொட்டியானது, கே.பி.ஐ. ஆனது.

அதில் இருந்த ஒரு சொல் மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது. குமார் கணக்கெடுத்தது ‘ஏதோ ஒரு மருந்து’ போன நேரத்தை இல்லை. அந்த நோயாளிக்குள் இருந்த கிருமியைக் கொல்லக்கூடிய மருந்து போன நேரத்தை. கடிகாரத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பத்தாவது நிமிடத்தில் போட்ட தவறான மருந்து குமாரின் கணக்கில் ‘இன்னும் போடாத மருந்து’தான்.

இன்னொன்று. அது ஷாக்கில் இருந்தவர்களைப் பற்றிய ஆய்வு. காய்ச்சலோடு நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றியது இல்லை. நெதர்லாந்தில் ஆம்புலன்சிலேயே மருந்து போட்டுப் பார்த்தார்கள். அதன் முடிவு 2018இல் வந்தது. செப்சிஸ் என்று சந்தேகிக்கப்பட்ட 2,600க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு ஆம்புலன்சில் மருந்து, மறு பாதிக்கு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த பிறகு. இரு தரப்புக்கும் இடையே ஒன்றரை மணி நேர வித்தியாசம். 28 நாள் கழித்து எண்ணியபோது இரண்டு பக்கமும் இறந்தவர்கள் 8 விழுக்காடு. அவர்களில் மிகச் சிலரே ஷாக்கில் இருந்தவர்கள். ஆகவே, ஷாக்கில் இருப்பவருக்கும் மணிக்கணக்கு முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. எல்லாருக்கும் ஒரே கடிகாரம் பொருந்தாது என்றுதான் அர்த்தம். 2021இல் வந்த சர்வதேச வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. ஷாக் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள். ஷாக் இல்லை, செப்சிஸா என்பதும் நிச்சயமில்லை என்றால் வேகமாக விசாரித்துப் பார்த்து, சந்தேகம் தீராவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள்.

சரி, ஷாக்கில் இருக்கும் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். முதல் மணி நேரத்தில் மருத்துவர் கையில் என்ன இருக்கிறது? ஒரு நெஞ்சுப் படம், சில ரத்த எண்கள், வீட்டார் சொன்ன கதை. எந்தக் கிருமி என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் முடியாது. அவர் போடும் முதல் மருந்து ஓர் ஊகம். படித்த ஊகம், ஆனாலும் ஊகம்தான். அது சரியா தவறா என்று பிற்பாடு சொல்லக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்றுதான்: மருந்து உள்ளே போவதற்கு முன் எடுத்த ரத்தம்.

‘மருந்து போட்டுட்டு அப்புறமா எடுக்கலாமே, ஒரு மணி நேரத்துல கிருமி எங்க போயிடப் போவுது?’ என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு நேரடியான பதில் 2019இல் கிடைத்தது. செப்சிஸ் நோயாளிகள் 325 பேரிடம் மருந்துக்கு முன்பும், மருந்து தொடங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். முன்பு எடுத்ததில் 31.4 விழுக்காட்டில் கிருமி வளர்ந்தது. பின்பு எடுத்ததில் 19.4. முன்பு சிக்கிய கிருமிகளில் ஏறக்குறைய பாதி, பின்னால் எடுத்த குப்பிகளில் சிக்கவே இல்லை. இத்தனைக்கும் கிருமி செத்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குப்பிக்குள் வளராத அளவுக்கு அடிபட்டிருந்தாலே போதும். சில குப்பிகளில் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் பிசின் மணிகளைப் போட்டுத்தான் தயாரிக்கிறார்கள். விற்பனைக்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். கொஞ்சம் உதவும், உண்மை. ஆனால் உடம்புக்குள்ளேயே அடிபட்டு வந்த கிருமிக்கு அந்த மணிகளால் உயிர் கொடுக்க முடியாது.

இப்போது அந்த ‘ரத்தம் எடுத்துக்கிட்டே இருக்காங்க’ விஷயம். ஏன் அவ்வளவு ரத்தம்? பெரியவர்களுக்கு இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு குப்பி. ஒன்று காற்று உள்ள குப்பி, மற்றது காற்றில்லாத குப்பி. குப்பிக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர். ஆக நான்கு குப்பி, ஏறக்குறைய 40 மில்லிலிட்டர். பார்க்கிறவருக்கு அது கொள்ளையாகத் தெரியும். ஆனால் செப்சிஸ் முற்றிய ஆளின் ரத்தத்தில்கூட ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிருமிகூட இல்லாமல் இருக்கலாம். 3 மில்லிலிட்டர் மட்டும் எடுத்தால், கிருமி இல்லாத 3 மில்லிலிட்டரை எடுத்துவிட வாய்ப்பு அதிகம். இரண்டு இடத்தில் குத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோலில் சும்மா வாழும் கிருமி ஊசியோடு ஒட்டிக்கொண்டு குப்பிக்குள் வந்துவிடும். ஒரே இடத்துக் குப்பியில் மட்டும் அது வளர்ந்தால் ‘தோல் அழுக்கு’ என்று சந்தேகிக்கலாம். இரண்டு இடத்திலும் அதே கிருமி வளர்ந்தால் அது பெரும்பாலும் நிஜம்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்? நரம்பு கிடைக்கிற ஆளென்றால் ஐந்து பத்து நிமிடம். தோலைத் துடைத்த மருந்து காய்வதற்கான அரை நிமிடமும் அதில் அடக்கம். நரம்பு கிடைக்கவே இல்லை, அல்லது மூளைச்சவ்வுக் காய்ச்சல் மாதிரி தோலில் கருஞ்சிவப்புத் திட்டுகள் பரவிக்கொண்டிருக்கின்றன என்றால் குப்பிக்காகக் காத்திருக்கக் கூடாது. மருந்தைப் போட்டுவிட வேண்டியதுதான். விதிவிலக்கு அவ்வளவுதான். ‘அவசரம்’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் எல்லாமே அவசரம்தான்.

எந்தப் பக்கம் தப்பு நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், குப்பிகளைப் பார்த்துத்தான். கருவியைத் திறக்கும்போது அரைகுறையாக நிரம்பிய குப்பிகளைக் காண்கிறேன். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. ஓரிடத்தில் வார இறுதியில் எடுத்த குப்பிகள் திங்கட்கிழமை காலைதான் கருவிக்குள் போயின. ஆய்வகம் பூட்டியிருந்ததாம். இன்னோரிடத்தில் ‘கெட்டுப்போகாமல் இருக்கட்டும்’ என்று யாரோ நல்ல மனசோடு குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். கிருமியை வளர்க்கத்தான் குப்பி, அதைக் குளிரில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். கருவி ஒவ்வொரு குப்பியும் உள்ளே வந்த நேரத்தைப் பதிகிறது. எடுத்த நேரம் அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் இடையே தொலைந்த மணி நேரங்களை எந்தச் சுவரொட்டியும் எண்ணுவதில்லை.

இதெல்லாம் உலகம் முழுக்க உள்ள பிரச்சினை. ஆனால் நம் மண்ணில் இதற்குத் தனி அர்த்தம் இருக்கிறது. காரணம் ஒரு கிருமி.

1912இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரண்டு மருத்துவர்கள் அதுவரை யாரும் விவரிக்காத ஒரு நோயைப் பற்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டே கோலாலம்பூரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஆய்வுக்காக வளர்த்த விலங்குகள் அந்த நோயில் செத்தன. அங்கே வேலை பார்த்த ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும் 1921இல் அதற்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயரே நம் ஊரில் வைத்தது, நமக்குத்தான் அது தெரியாது. மண்ணிலும் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி. காலில் உள்ள புண் வழியாகவும், மழையில் தெறிக்கும் நீரை மூச்சில் இழுப்பதாலும் உடம்புக்குள் போகும். இனிப்புநீர் உள்ளவர்களை அது அதிகமாகப் பிடிக்கும். 2010இல் பகாங்கின் லுபோக் யூவில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்களில் பலருக்கு இந்த நோய் வந்து, சிலர் இறந்தே போனார்கள். தோட்டம், வடிகால், வெறுங்கால், இனிப்புநீர். இந்த நான்கையும் சேர்த்துச் சொன்னால் நம்மில் எத்தனை பேருக்குச் சொந்தக்காரர் ஒருவர் ஞாபகத்துக்கு வருவார்?

ஒரு மாதிரி நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். 54 வயது. பகாங்கில் செம்பனைத் தோட்டத்தில் வேலை, பத்து வருட இனிப்புநீர். ஐந்து நாளாகக் காய்ச்சலும் இருமலும். திங்கட்கிழமை இரவு 8 மணிக்கு மகன் காரில் கொண்டுவந்து இறக்குகிறான். ரத்த அழுத்தம் 84க்கு 50, நாடி 128, மூச்சு நிமிடத்துக்கு 30, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். நெஞ்சுப் படத்தில் வலப்பக்க நுரையீரலில் வெள்ளை. சந்தேகமே இல்லை, இது ஒரு மணி நேரக் கடிகாரத்துக்கு உரிய ஆள்.

சாதாரண நிமோனியா என்று நினைத்தால் பல இடங்களில் கை நேராக செஃப்ட்ரையாக்ஸோனுக்குப் போகும். நல்ல மருந்து, வழக்கமான நிமோனியாக் கிருமிகளுக்கு. மெலியாய்டோசிஸுக்கு அதை நம்ப முடியாது. அதற்கு செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் வேண்டும். தாய்லாந்தின் உபோன் ராட்சத்தானியில் நடந்து 1989இல் வெளியான ஆய்வில், கடுமையான மெலியாய்டோசிஸில் பழைய மருந்துக் கலவையோடு 74 விழுக்காடாக இருந்த சாவு, செஃப்டாசிடிம் கொடுத்தவர்களிடம் 37 ஆனது. ஒரே நோய், மருந்துத் தேர்வு மட்டும்தான் வேறு.

நம் நோயாளியின் மருத்துவர் விவரமானவர் என்று வைத்துக்கொள்வோம். ‘என்ன வேலை? கால்ல புண்ணு இருக்கா?’ என்று மகனிடம் கேட்கிறார். 8.15க்கு இரண்டு கையிலும் ரத்தம் எடுத்து நான்கு குப்பி நிரப்புகிறார்கள். 8.30க்கு மெரோபெனெம் ஏறுகிறது, கூடவே அஸித்ரோமைசின். ஆய்வகச் சீட்டில் அவர் ‘மெலியாய்டோசிஸ் சந்தேகம்’ என்று இரண்டு சொல் எழுதுகிறார். அந்த இரண்டு சொல்லுக்கு இருக்கும் மதிப்பைச் சொல்லி மாளாது. இந்தக் கிருமி மெதுவாக வளரும். முதல் நாளில் பார்த்தால் ஏதோ சுற்றுப்புற அழுக்கு மாதிரி இருக்கும், தூக்கிப் போட்டுவிடுவார்கள். அடையாளம் காணும் கருவிகள் சிலசமயம் அதை அதன் ஒன்றுவிட்ட தம்பி என்று தப்பாகச் சொல்லும். சீட்டில் எழுதியிருந்தால் ஆய்வகத்தார் எச்சரிக்கையாகப் பார்ப்பார்கள், தங்களையும் காத்துக்கொள்வார்கள்.

9.30க்குக் குப்பிகள் கருவிக்குள். செவ்வாய் பிற்பகல் 3 மணிக்கு ஒரு குப்பி ஒலிக்கிறது. நுண்ணோக்கியில் கிராம் நெகட்டிவ் கோல் வடிவக் கிருமி. உடனே வார்டுக்குத் தொலைபேசி. தட்டில் வளர்த்து, புதன் மதியம் லேட்டக்ஸ் சோதனையில் அது மெலியாய்டோசிஸ் கிருமி என்று தெரிகிறது. (இடையில் ஒரு குறிப்பு: ஜென்டாமைசினுக்கு அடங்காதது இந்தக் கிருமியின் வழக்கமான அடையாளங்களில் ஒன்று. ஆனால் சரவாக்கில் பெரும்பாலானவை ஜென்டாமைசினுக்கு அடங்கிவிடுகின்றன. அந்த ஒரே அடையாளத்தை நம்பினால் கடலுக்கு அந்தப் பக்கம் ஏமாந்துவிடுவோம்.)

புதன் இரவு. நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகிறது. நோயாளிக்கு இன்னும் 39 பாகை காய்ச்சல். மகன் வாசலில் நின்று ‘மருந்து கேக்கலியே டாக்டர், வேற மாத்துங்க’ என்கிறான். கல்ச்சர் கையில் இல்லாத மருத்துவர் இந்த இடத்தில் மாற்றித்தான் இருப்பார். கல்ச்சர் இருப்பவருக்குத் தெரியும், மெலியாய்டோசிஸில் சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் விடச் சராசரியாக ஒன்பது நாள் ஆகும் என்று. அவர் மெரோபெனெமைத் தொடர்கிறார், ரத்த அழுத்த மருந்து இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால். அஸித்ரோமைசினை நிறுத்துகிறார், அதற்கு இனி வேலை இல்லை. கல்லீரல், மண்ணீரல், ஆண்களுக்கு புராஸ்டேட், இங்கெல்லாம் சீழ்க்கட்டி ஒளிந்திருக்கும் என்பதால் வயிற்றுக்கு ஸ்கேன் எழுதுகிறார். ஷாக் தெளிந்த பிறகு செஃப்டாசிடிமுக்கு மாற்றுவார். மறுபரிசீலனை என்றால் மருந்தைக் குறைப்பது மட்டும் இல்லை. கேள்வியை மறுபடி கேட்பது.

இப்போது அதே ஆளை வேறொரு வாசலில் இறக்குவோம். 8.10க்கே செஃப்ட்ரையாக்ஸோன் ஏறிவிட்டது. பத்தே நிமிடம், கே.பி.ஐ.யில் முழு மதிப்பெண். வீட்டாருக்கும் திருப்தி, ‘போன உடனே ஊசி போட்டுட்டாங்க’. இரவு 10.30க்கு யாருக்கோ ஞாபகம் வந்து ஒரு கையில் 6 மில்லிலிட்டர் எடுத்து இரண்டு குப்பிக்குப் பங்கிடுகிறார்கள். புதன்கிழமை ‘வளர்ச்சி இல்லை’. காய்ச்சல் விடவில்லை, ஆள் மோசம். இருட்டில் மருந்தை மாற்றுகிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் மெரோபெனெமுக்கு மாற்றுவார்கள், அதிர்ஷ்டம் இன்னும் இருந்தால் பிழைப்பார். பத்து நாளில் ‘கடுமையான நிமோனியா’ என்று எழுதி, ஒரு வார மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவார்கள்.

எனக்குக் கோபம் வருவது இந்த இரண்டாவது கதையின் இந்த ‘நல்ல முடிவில்’தான். மெலியாய்டோசிஸுக்கு ஊசி மருந்து குறைந்தது 10 முதல் 14 நாள் வேண்டும். அதற்கப்புறம் கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். உள்ளே பதுங்கியிருக்கும் கிருமியை ஒழிக்க அதுதான் வழி. கிருமியின் பெயர் தெரியாதவருக்கு அந்த மூன்று மாத மாத்திரையை யாரும் எழுத மாட்டார்கள். நான்கு மாதம் கழித்து அவர் மறுபடி காய்ச்சலில் விழும்போது, அது பழைய கிருமி என்று சொல்ல ஒரு காகிதமும் இருக்காது. முதல் இரவில் சேமித்த இருபது நிமிடத்தின் விலை அது. எந்தப் புள்ளிவிவரத்திலும் வராத விலை.

கல்ச்சர் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. மெலியாய்டோசிஸில் உடம்பின் பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்து வளர்த்தாலும் பத்தில் ஆறு பேரிடம்தான் கிருமி அகப்படும் என்று தாய்லாந்து ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதனால்தான் சளி, சிறுநீர், தொண்டைத் துடைப்பு, சீழ் இருந்தால் சீழ் என்று எல்லாவற்றையும் அனுப்புகிறார்கள். நாற்பத்தெட்டாவது மணி நேரத்தில் குப்பி மௌனமாக இருந்தால் மருத்துவர் இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆள் தேறிவிட்டார், டெங்கிச் சோதனை உறுதியாகிவிட்டது, கிருமித்தொற்றுக்கு வேறு தடயமும் இல்லை என்றால் ஆண்டிபயாடிக்கை நிறுத்திவிடலாம். ஆள் தேறவில்லை என்றால் மௌனத்தை நம்பக் கூடாது. மறுபடி தேட வேண்டும்.

இனி அந்த ‘சாதா மருந்து’ புகார். நம்மவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது: விலை அதிகம், நிறைய கிருமிகளைக் கொல்லும், ஆகவே அதுதான் பலமான மருந்து. இதற்கு ஓர் உதாரணம் போதும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி ரத்தத்தில் புகுந்திருக்கிறது, அது எதற்கு அடங்கும் என்று இன்னும் தெரியவில்லை. முதல் இரவில் வான்கோமைசின் போடுவார்கள், முரட்டு வகையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று. இரண்டு நாளில் கல்ச்சர் வந்து, அது முரட்டு வகை இல்லை, க்ளோக்ஸாசிலினுக்கு அடங்கும் என்று தெரிகிறது. உடனே மாற்றுவார்கள். க்ளோக்ஸாசிலின் பழைய மருந்து, மலிவு. வீட்டார் கண்ணுக்கு அது இறக்கம். ஆனால் அந்தக் கிருமியை வான்கோமைசினைவிட க்ளோக்ஸாசிலின் வகைதான் நன்றாகக் கொல்லும். அங்கே ‘பவர் மருந்தே தொடரட்டும்’ என்று சண்டை போடுகிற மகன், தன் அப்பாவுக்கு மோசமான மருந்தைக் கேட்டுச் சண்டை போடுகிறான்.

மெரோபெனெமும் அப்படித்தான். தேவையில்லாத நாட்களில் அது ஓடிக்கொண்டிருந்தால் குடலில் இருக்கும் சாதுவான கிருமிகளெல்லாம் செத்து, அதற்கும் அடங்காதவை மட்டும் மிஞ்சும். அடுத்த முறை அதே ஆளுக்கு, அல்லது பக்கத்துக் கட்டிலுக்கு, முதல் மணி நேரத்தில் போட மருந்தே இருக்காது.

இதில் மருத்துவமனைகளை நான் விட்டுவிடப் போவதில்லை. வீட்டார் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறார்கள் என்றால், அதைச் சுவரில் மாட்டியது யார்? நான் வேலையாகப் போகும் இடம் ஒன்றில் செப்சிஸ் படிவத்தைப் பார்த்தேன். நோயாளி வந்த நேரத்துக்கு ஒரு கட்டம், முதல் மருந்து போட்ட நேரத்துக்கு ஒரு கட்டம். கல்ச்சருக்கு ‘எடுத்தாச்சு’ என்று குறியிட ஒரு சின்னச் சதுரம் மட்டும், அதுவும் மருந்துக்கு முன்பா பின்பா என்று கேட்காமல். எத்தனை குப்பி, எவ்வளவு ரத்தம், ஒன்றும் இல்லை. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு எந்தக் கட்டமும் இல்லை. படிவத்தில் இடமில்லாத வேலையை இரவுப் பணியில் இருக்கும் தாதி எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்? அளக்கிற வேலைதான் நடக்கும். எந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரும் இதைச் சொல்வார்.

‘மூன்றாம் நாளில் மருந்து தானாகவே நின்றுவிடும்படி கணினியில் போட்டுவிடலாமே’ என்று சக பொறியாளர் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் பார்க்காமல் ஷாக்கில் இருப்பவருக்கு ஒரு வேளை மருந்து விட்டுப்போனால் அது கொலை. மருந்து நிற்கக் கூடாது, கேள்வி மட்டும் நிற்காமல் வர வேண்டும். மருந்துச் சீட்டில் நாற்பத்தெட்டாவது மணி நேரத்துக்கு நேராக ஒரு வரி: கல்ச்சரில் என்ன வந்தது, மருந்து தொடர்கிறதா, மாறுகிறதா, நிற்கிறதா, ஏன், யார் முடிவு செய்தது. அந்த வரி காலியாக இருந்தால் அடுத்த வேளை மருந்தைப் போட்டுவிட்டு, தாதி மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அதே வரியை வீட்டாரும் பார்க்கும்படி கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிடலாம். மகன் வாசலில் நின்று ‘பவர் மருந்து போடுங்க’ என்று கத்துவதற்குப் பதிலாக, ‘கல்ச்சர்ல என்னா வந்துச்சு டாக்டர், அதுக்கு இந்த மருந்து சரியா?’ என்று கேட்பதற்கு அவனுக்கும் ஒரு காகிதம் வேண்டுமே.